வேலை பார்த்துக்கொண்டே இக்னோ பி.காம்: ஜூன் தேர்வுக்கு வாராந்திர ரிவிஷன் அட்டவணை எப்படிப் போடுவது?

பனியன்நகர் | மார்ச் 22, இரவு 10.40

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். காலை 9.30 முதல் மாலை 7 வரை வேலை. வீடு வந்து சேர 7.45 ஆகும். சனிக்கிழமை 4 மணிக்கு விட்டுவிடுவார்கள், ஞாயிறு விடுமுறை.

ஜூனில் நாலு தாள் எழுதணும்: BCOC-131 நிதிக் கணக்கியல், BCOC-132 வணிக அமைப்பும் மேலாண்மையும், ஒரு மொழித்தாள், BEVAE-181 சுற்றுச்சூழல். எல்லாப் புத்தகத்தையும் ஒருமுறை படித்து முடித்தாச்சு. இனி ரிவிஷன்தான், கையில் 10 வாரம் இருக்கிறது.

தினமும் 8.30 முதல் 11.30 வரை, நாளுக்கு ஒரு பாடம் என்று அட்டவணை போட்டேன். இரண்டு வாரமும் புதன்கிழமையோடு நின்றுவிட்டது. முதல் பாடத்தைத் திரும்ப எடுத்தால் புதிதாகப் படிப்பது போலவே இருக்கிறது. எங்கே தப்பு?

---

விடியல் | மார்ச் 23, காலை 5.05

ராத்திரி படிப்பதுதான் தப்பு நண்பா. 4.30க்கு எழுந்திருங்கள், 7 மணி வரை யாரும் தொந்தரவு பண்ண மாட்டார்கள். புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை மூன்று தடவை வாசித்தால் போதும். முதல் தடவை புரியும், இரண்டாவது தடவை பதியும், மூன்றாவது தடவை மறக்கவே மறக்காது.

---

பேரேடு | மார்ச் 23, இரவு 9.15

காலையில் படிப்பது தப்பில்லை. ஆனால் 4.30க்கு எழ ஒன்பதரைக்குப் படுக்க வேண்டும். 7.45க்கு வீடு வருகிறவர் சாப்பிட்டு, வீட்டில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு ஒன்பதரைக்குப் படுப்பது வாரத்தில் ஒரு நாள் நடக்கலாம். மற்ற நாளெல்லாம் தூக்கத்தில்தான் கை வைப்பார். தூக்கம் குறைந்தால் முந்தின நாள் படித்ததும் சேர்ந்து நழுவும்.

மூன்று தடவை வாசிப்பது இதைவிடப் பெரிய சிக்கல். இரண்டாம் வாசிப்பில் வரி பழக்கமாகத் தெரியும், அதை நாம் "தெரியும்" என்று எடுத்துக்கொள்வோம். புத்தகம் திறந்திருக்கும்போது தெரிவது வேறு, மூடியபிறகு எழுத வருவது வேறு. பனியன்நகருக்கு முதல் பாடம் புதிதாகத் தெரிவதற்கு அவருடைய மறதி காரணமில்லை. ஒருதடவைகூட புத்தகத்தை மூடிவிட்டுத் தன்னைத்தானே கேட்டுப் பார்க்காததுதான் காரணம்.

இப்போது மணிக்கணக்கைப் பார்ப்போம். வேலை முடிந்து வந்தவருக்கு மூன்று மணி நேரப் படிப்பு காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். 8.45 முதல் 9.35 வரை 50 நிமிடம், அதுவும் திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி மட்டும் வையுங்கள். புதனைக் காலியாக விடுங்கள். உங்கள் அட்டவணை ஒவ்வொரு வாரமும் புதனில்தான் உடைகிறது என்றால் அந்த நாளை முன்கூட்டியே கழித்துவிடுவது நல்லது. திங்கள், செவ்வாயில் ஒன்று தவறினால் புதன் அதற்கு இடம் கொடுக்கும். தவறவில்லை என்றால் புதன் ஓய்வு. ஓய்வு நாளில் "கொஞ்சம் கூடுதலாக" என்று புதிதாக எதையும் நுழைக்காதீர்கள்.

சனி மாலை 6 முதல் 7.30 வரை. ஞாயிறு காலை 10 முதல் 1 வரை, மாலை 5 முதல் 6 வரை. கூட்டினால் வாரத்துக்கு 8 மணி 50 நிமிடம், 10 வாரத்துக்கு சுமார் 88 மணி நேரம். கல்யாணம், காய்ச்சல், ஷிப்மெண்ட் நெருக்கடி என்று 13 மணி நேரம் போகும் என்று கழித்துவிட்டு, 75 மணி நேரத்தை மட்டும் நம்பித் திட்டம் போடுங்கள்.

அந்த 75ஐ சமமாகப் பிரிக்க வேண்டாம். கணக்கியலுக்கு 30, மேலாண்மைக்கு 20, மொழித்தாளுக்கு 13, சுற்றுச்சூழலுக்கு 12. கணக்கியலும் மேலாண்மையும் இரண்டுமே 6 கிரெடிட்தான். ஆனால் கணக்கியல் கையில் ஓட வேண்டிய பாடம், அதனால் நேரம் அதிகம் கேட்கும்.

நாளுக்கு ஒரு பாடம் என்று வைத்ததும் சரியில்லை. திங்கள் வரவேண்டிய பாடம் ஒருதடவை தவறினால் அடுத்த திங்கள் வரை 14 நாள் இடைவெளி விழுந்துவிடும். ஒரே 50 நிமிடத்தில் இரண்டு பாடத்தைத் தொடுங்கள். எந்தப் பாடமும் நாலு நாளுக்கு மேல் கண்ணில் படாமல் இருக்கக் கூடாது.

---

பனியன்நகர் | மார்ச் 23, இரவு 10.02

ரொம்ப நன்றி சார். அந்த 50 நிமிடத்தில் சரியாக என்ன செய்வது? ராத்திரி அலுப்பில் ஒரு முழுக் கணக்கைப் போட உட்கார்ந்தால் பாதியில் கண் சொருகுகிறது.

---

கலைவாணி_தஞ்சை | மார்ச் 24, மாலை 6.30

வாரநாள் ராத்திரியில் முழுக் கணக்கு வேண்டாம் தம்பி, அது ஞாயிறு வேலை. ராத்திரிக்கு ஞாபகத்தைச் சோதிக்கிற சின்ன வேலை மட்டும் வையுங்கள்.

மேலாண்மைத் தாளுக்கு இப்படிச் செய்யலாம். பழைய வினாத்தாள்கள் இக்னோ தளத்திலேயே இருக்கின்றன. ஐந்தாறு தேர்வுக்குரியதை இறக்கி, கேள்விகளை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதுங்கள், ஒரு சீட்டுக்கு ஒரு கேள்வி. பதில் எழுத வேண்டாம். ராத்திரி ஒரு சீட்டை உருவுங்கள். "அதிகாரப் பகிர்வுக்கும் அதிகாரப் பரவலாக்கத்துக்கும் என்ன வேறுபாடு" என்று வந்தால் புத்தகத்தைத் தொடாமல் 7 நிமிடம் தலைப்புகளை மட்டும் எழுதுங்கள்: யார் யாருக்குக் கொடுக்கிறார், பொறுப்பு யாரிடம் தங்குகிறது, கட்டாயமா விருப்பமா, திரும்பப் பெற முடியுமா. பிறகு புத்தகத்தைத் திறந்து விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேருங்கள். அடுத்த தடவை அந்தச் சீட்டு வரும்போது சிவப்பு குறைந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஒரு ராத்திரியில் மூன்று சீட்டு. அதில் இரண்டு பழையது, ஒன்று புதியது. மூன்றையும் புதிதாக எடுத்தால் பழையது ஒருநாளும் திரும்பி வராது. உருவியதும் சுலபமான சீட்டு வந்தால் உள்ளே போட்டுவிட்டு வேறு எடுக்கத் தோன்றும், அப்படிச் செய்யாதீர்கள். கடினமான சீட்டு வந்தாலும் அப்படித்தான்.

மூன்று சீட்டுக்கும் சேர்த்து 30 நிமிடம் ஆகும். மிச்சம் 20 நிமிடம் கணக்கியலுக்கு. அதை பேரேடு சார் சொல்லட்டும்.

---

பேரேடு | மார்ச் 24, இரவு 9.40

அம்மா சொன்னது அப்படியே சரி. அந்த 20 நிமிடத்தில் ஞாயிறன்று தப்பாகப் போட்ட கணக்கின் தப்பான பகுதியை மட்டும் திரும்பப் போட வேண்டும்.

அதற்கு ஒரு தப்பு நோட்டு வேண்டும், 40 பக்க நோட்டு போதும். கணக்கு முழுவதையும் அதில் எழுத வேண்டாம். மூன்று வரி: எங்கே தப்பினேன், ஏன், திரும்பப் போடும் தேதி. "கவனக்குறைவு" என்று எழுதக் கூடாது, அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது.

ஒரு தேய்மானக் கணக்கை எடுத்துக்கொள்வோம். 1-4-2021 அன்று ஒரு இயந்திரம் 1,00,000 ரூபாய்க்கு வாங்கினார்கள். 1-10-2022 அன்று இன்னொன்று 40,000க்கு. ஆண்டுக்கு 10 சதவீதம், குறைந்து செல் மதிப்பு முறை, மார்ச் 31ல் கணக்கு முடிப்பு. 30-9-2023 அன்று முதல் இயந்திரத்தை 60,000க்கு விற்றார்கள். விற்பனையில் நட்டம் எவ்வளவு? இழையைப் படிக்கிறவர்கள் கீழே பார்க்காமல் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள்.

---

விடியல் | மார்ச் 25, காலை 5.20

முதல் வருடம் 10,000 போக 90,000. இரண்டாம் வருடம் 9,000 போக 81,000. மூன்றாம் வருடம் 8,100 போக 72,900. 60,000க்கு விற்றதால் நட்டம் 12,900. சரிதானே சார்?

---

பேரேடு | மார்ச் 25, இரவு 9.10

முறை சரி, முதல் இரண்டு வருடமும் சரி. மூன்றாம் வருடத்தில் இயந்திரம் கையில் இருந்தது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 6 மாதம்தான். 81,000க்கு அரை வருடத் தேய்மானம் 4,050. விற்ற நாளில் ஏட்டு மதிப்பு 76,950, நட்டம் 16,950.

நீங்கள் போட்டதில்தான் நிறையப் பேர் விழுவார்கள், அதனால்தான் இந்தக் கணக்கை எடுத்தேன். வாங்கும்போது மாதத்தை எண்ணுவோம், விற்கும்போது மறந்துவிடுவோம். இதைத் தப்பு நோட்டில் இப்படி எழுதலாம்: "விற்ற வருடத்துக்கு முழு ஆண்டுத் தேய்மானம் போட்டேன். விற்ற தேதிக்கு அடியில் கோடு போடவில்லை. செவ்வாய் திரும்ப." செவ்வாயன்று அதே எண்களை வைத்துப் போட்டால் விடை ஞாபகத்தில் இருக்கும். எண்ணை மாற்றுங்கள்: விற்ற தேதி 31-12-2023, விகிதம் 15 சதவீதம். இப்போது 9 மாதம் எண்ண வேண்டும், பழைய விடை உதவாது.

ஒரு தப்பு மூன்று தடவை திரும்ப வர வேண்டும்: இரண்டு நாள் கழித்து, அடுத்த ஞாயிறு, பிறகு மூன்று வாரம் கழித்து. மூன்றாவது தடவையும் சரியாக வந்தால் நோட்டில் அடித்துவிடலாம். நடுவில் தப்பினால் முதலிலிருந்து.

---

ஷிஃப்ட்மலர் | மார்ச் 25, இரவு 11.50

நான் ஸ்டாஃப் நர்ஸ். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு டியூட்டி. எனக்கு ஞாயிறு என்று ஒரு கிழமையே கிடையாது. இந்த அட்டவணை எல்லாம் ஆபீஸ் போகிறவர்களுக்குத்தானே? நான் எழுதுவது சமூகவியல், கணக்கு இல்லை.

---

கலைவாணி_தஞ்சை | மார்ச் 26, மதியம் 1.15

கிழமையை மறந்துவிட்டு எண்ணிக்கையை வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. வாரத்துக்கு நாலு சின்ன அமர்வு, ஒரு நடு அமர்வு, ஒரு பெரிய அமர்வு. டியூட்டி பட்டியல் வந்த அன்றே வார விடுப்பு நாளில் பெரியதைக் குறித்துவிடுங்கள். இரவு டியூட்டி முடிந்து வந்த காலையில் எதுவும் வைக்காதீர்கள். தூங்கி எழுந்து மாலை 4 மணிக்கு மேல் ஒரு சின்ன அமர்வு போதும். இரவு வாரத்தில் நாலு சின்னது இரண்டாகக் குறையும், அதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொண்டால் பின்தங்கிய மாதிரி தோன்றாது.

கணக்கு இல்லாத பாடத்துக்குத் தப்பு நோட்டு பெரிதாக உதவாது. அதற்குப் பதிலாக வாரம் ஒரு முழுப் பதிலைக் கடிகாரம் வைத்துக் கையால் எழுதுங்கள்.

---

குமார்_ஆவடி | மார்ச் 26, இரவு 8.20

இவ்வளவு சுற்ற வேண்டியதே இல்லை. அசைன்மெண்ட்டை ஒழுங்காக எழுதினால் பாதி ரிவிஷன் முடிந்தது. அதில் வருகிற கேள்விகள்தான் தேர்விலும் திரும்ப வரும்.

---

பேரேடு | மார்ச் 26, இரவு 9.30

பாதி சரி. அசைன்மெண்ட்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70 சதவீதம். இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். கேள்வி அப்படியே திரும்ப வருமா என்றால் அதை நம்பித் திட்டம் போட முடியாது. புத்தகத்தைப் பார்த்து எழுதிய அசைன்மெண்ட் ரிவிஷனும் ஆகாது, வெறும் பிரதி எடுத்தல்.

ஆனால் அதை ரிவிஷனாக மாற்ற வழி இருக்கிறது. சனி மாலை ஒன்றரை மணியில் ஒரு கேள்விக்கு முதலில் புத்தகத்தை மூடிவிட்டு வரைவு எழுதுங்கள். பிறகு திறந்து சரிபார்த்து நல்ல பிரதி எடுங்கள். நேரம் இரட்டிப்பாகாது, நல்ல பிரதி எடுக்கும் வேகம் கூடிவிடும். சமர்ப்பிக்கும் கடைசித் தேதி தேர்வுக்கு முன்னாலேயே வந்துவிடும், அதுவும் அவ்வப்போது நீட்டிக்கப்படும். நீட்டிப்பை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். பனியன்நகர், உங்கள் முதல் நாலு சனிக்கிழமையும் இதற்கே போகும். அதைக் கூடுதல் வேலையாக எண்ணாமல் அந்த 75 மணிக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள்.

---

பனியன்நகர் | ஏப்ரல் 5, இரவு 7.10

முதல் வாரம் முடிந்தது. திங்கள், செவ்வாய் சரியாக நடந்தது, வியாழன் போச்சு, வெள்ளி 30 நிமிடம்தான். ஞாயிறு காலை இறுதிக் கணக்கு ஒன்று போட்டேன். இருப்புநிலைக் குறிப்பு 360 ரூபாய் இடித்தது. அதைத் தேடியே ஒரு மணி நேரம் போய்விட்டது, அடுத்த கணக்குக்கே போகவில்லை. விட்டுப்போன வியாழனை அடுத்த வாரத்தில் சேர்த்து ஐந்து நாளாக்கட்டுமா?

---

பேரேடு | ஏப்ரல் 5, இரவு 9.25

சேர்க்க வேண்டாம். புதன் தாண்டித் தவறியது தவறியதுதான். கடனை அடுத்த வாரத்துக்குக் கொண்டுபோனால் மூன்றாவது வாரம் அட்டவணையே பார்க்கப் பயமாக இருக்கும். அந்த 13 மணி நேரத்தை இதற்குத்தான் கழித்தோம். ஞாயிறு மாலை 5 மணி அமர்வில் அடுத்த வாரத்துச் சீட்டுகளை எடுத்து வைக்கும்போது வியாழன் சீட்டுகளை மேலே வையுங்கள், அவ்வளவுதான்.

360க்கு வருகிறேன். இடிக்கும் தொகையைத் தேட 5 நிமிடத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது. முதலில் பாதியாக்குங்கள்: 180 என்று ஒரு தொகை கணக்கில் இருந்தால் அது தப்பான பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அடுத்து 9ஆல் வகுத்துப் பாருங்கள். 360 மீதியில்லாமல் 9ஆல் வகுபடுகிறது. அப்படியென்றால் 4,950ஐ 4,590 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. இரண்டிலும் சிக்கவில்லை என்றால் சரிக்கட்டல் பதிவுகளைப் பாருங்கள். ஒவ்வொரு சரிக்கட்டலும் இரண்டு இடத்தைத் தொட வேண்டும். கூலி பாக்கி என்றால் வியாபாரக் கணக்கில் கூட்ட வேண்டும், பொறுப்புகள் பக்கத்திலும் காட்ட வேண்டும். கேள்வித்தாளில் அதன் பக்கத்தில் பென்சிலால் இரண்டு புள்ளி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்தில் எழுதியதும் ஒரு புள்ளியை அடியுங்கள். ஒற்றைப் புள்ளி நிற்கும் இடம்தான் தப்பு.

5 நிமிடத்தில் கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு அடுத்த கணக்கு. தேர்வு 3 மணி நேரம், 100 மதிப்பெண். ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடம், 20 மதிப்பெண் கணக்குக்கு 36 நிமிடம். இடித்தாலும் செய்முறைக்கு மதிப்பெண் உண்டு, தொடாத கணக்குக்கு ஒன்றும் கிடையாது.

---

பனியன்நகர் | ஏப்ரல் 5, இரவு 9.50

பார்த்துவிட்டேன் சார். கொள்முதல் 8,460ஐ 8,100 என்று எடுத்திருக்கிறேன், இலக்கம் மாறவில்லை.

---

பேரேடு | ஏப்ரல் 5, இரவு 10.05

அப்போது 9ஆல் வகுபட்டது தற்செயல். அந்தச் சோதனை சந்தேகத்தைக் காட்டும், உறுதியாகச் சொல்லாது. நோட்டில் எழுதுங்கள்: "இருப்பாய்வில் அடுத்த வரி எண்ணைப் பார்த்து எழுதினேன்." இனி ஸ்கேல் வைத்து வரி வரியாக எடுங்கள்.

---

கலைவாணி_தஞ்சை | ஏப்ரல் 6, மாலை 6.00

இன்னொன்று. நாள் முழுக்க கீபோர்டில் தட்டுகிற கை 3 மணி நேரம் பேனா பிடித்தால் இரண்டாம் மணியில் வலிக்கும். எழுத்து சிதறும், பதில் சுருங்கும். ஞாயிறு 10 முதல் 1 வரை என்று வைத்தது அதற்கும்தான். காலைத் தேர்வு 10க்கே தொடங்கும், மதியத் தேர்வு 2க்கு. அட்டவணை வந்ததும் எந்தத் தாள் மதியம் என்று பாருங்கள். அப்படி இருந்தால் கடைசி இரண்டு ஞாயிறும் அமர்வை 2 மணிக்கு மாற்றுங்கள். சாப்பிட்ட பிறகு வருகிற மந்தத்தை முன்னாலேயே பழகிக்கொள்ளலாம். லீவுக் கடிதத்தையும் அன்றே கொடுத்துவிடுங்கள்.

---

விடியல் | ஏப்ரல் 6, இரவு 8.45

முழு வினாத்தாளை எப்போது போடுவது? நான் முதல் வாரத்திலேயே ஒன்று போட வேண்டும் என்பேன். எங்கே ஓட்டை என்று தெரியும்.

---

பேரேடு | ஏப்ரல் 6, இரவு 9.30

எனக்கு உடன்பாடில்லை. முதல் ஐந்து வாரம் பாடவாரியாக, அடுத்த மூன்று வாரம் கலந்து, கடைசி இரண்டு வாரம்தான் முழுத்தாள். வாரம் ஒன்றே ஞாயிறு இருக்கிறவருக்கு அதில் ஒன்றை ஆரம்பத்திலேயே செலவழிப்பது அதிகம்.

---

கலைவாணி_தஞ்சை | ஏப்ரல் 6, இரவு 10.10

இதில் நான் விடியல் பக்கம். கணக்கியலுக்கு வேண்டாம். ஆனால் மேலாண்மைக்கு முதலிலேயே ஒரு தாளைத் தலைப்பளவில் எழுதிப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் எந்தப் பாடம் வெறுமையாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். எந்தச் சீட்டை முதலில் எடுப்பது என்பதற்கு அது போதும்.

---

பனியன்நகர் | ஏப்ரல் 7, இரவு 9.40

மேலாண்மைக்கு அக்கா சொன்னபடி இந்தச் சனி ஒரு தாள் தலைப்பளவில், அசைன்மெண்ட் ஒரு வாரம் தள்ளி. கணக்கியலுக்குக் கிளைக் கணக்கு, தவணைமுறைக் கொள்முதல் இரண்டில் ஒன்றை விட்டுவிடலாமா என்று யோசனை. இரண்டும் பாக்கி, 30 மணிக்குள் இரண்டும் அடங்குமா சார்?

---

பேரேடு | ஏப்ரல் 7, இரவு 10.15

அசைன்மெண்ட்டைத் தள்ளுவதற்கு முன் கடைசித் தேதியைப் பாருங்கள். பாடத்தை இப்போது விட வேண்டாம். இந்த ஞாயிறு இரண்டிலும் ஒவ்வொரு கணக்கைப் புத்தகத்தைப் பார்த்தே போடுங்கள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்து இங்கே எழுதுங்கள். எதை வைத்துக்கொள்வது என்று அந்த இரண்டு எண்ணைப் பார்த்து முடிவு செய்வோம்.